மூஞ்சி வேண்டாம், வாயைக் காட்டு

அம்மாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. சுவர் பிளக்கில் செருகிய வெள்ளை மெஷின். முகத்தில் பாதி அழிந்துபோன எழுத்து, ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு, அடியில் நிழலுக்குள் ஒரு குட்டிப் புட்டி. கூடவே ஒரு குரல் செய்தி: "ஏய்யா, ஊருக்கு வரும்போது இதுக்கு ஒரு கொசு மருந்து வாங்கிட்டு வா. இங்க கடையில குடுத்தது சேரமாட்டேங்குது."

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் மெஷினுக்குச் சென்னையில் புட்டி வாங்க வேண்டும். கையில் இருப்பது இந்த ஒரு படம். எங்கள் தெரு முக்கு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, இதுல மெஷினோட மூஞ்சிதான் தெரியுது. மூஞ்சியப் பாத்து மருந்து குடுக்க முடியாது. வாயக் காட்டச் சொல்லுங்க."

கம்பெனி பெயர் சொன்னால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். நம் ஊரில் ஒரு கம்பெனியின் பெயர் எல்லாக் கம்பெனிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. 'ஒரு ஆல் அவுட் குடுங்க' என்று கேட்பவர் வீட்டில் இருப்பது குட்நைட் மெஷினாக இருக்கும். 'குட்நைட்' என்பவர் வீட்டில் இருப்பது வேறு ஏதோவாக இருக்கும். போதாததற்கு, ஒரே கம்பெனி பத்து வருடத்தில் நாலு விதமாக மெஷினின் முகத்தை மாற்றியிருக்கும். வாய் மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பது அண்ணாச்சியின் அனுபவம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இது லிக்விட் மெஷின்தானா? மேட் மெஷினுக்கு அடியில் ஓட்டை கிடையாது; மேலே அல்லது முன்பக்கம் ஒரு உலோகத் தகடும், நீல நிற அட்டையைச் சொருகும் பிளவும் இருக்கும். அட்டை வெளுத்துப் போயிருந்தால் அதிலுள்ள மருந்து தீர்ந்தது என்று அர்த்தம். சில மெஷின்கள் இரண்டுக்கும் பொதுவானவை. லிக்விட் முறை ஜப்பானில் 1984-இல் விற்பனைக்கு வந்தபோது எர்த் கம்பெனி அதற்கு வைத்த பெயரே 'நோ மேட்'. அட்டை மாற்றும் தினசரி வேலை இனி இல்லை என்பதுதான் அப்போது விற்ற விஷயம். அண்ணாச்சி இன்னொரு ஏமாற்றையும் சொன்னார். அறைக்கு வாசனை பரப்பும் பிளக்குகளும் அச்சாக இதே மாதிரி இருக்கும். அடியில் புட்டி, புட்டிக்குள் திரி. அதன் படத்தைக் கொண்டுவந்து கொசு மருந்து கேட்டவர்கள் உண்டாம்.

அம்மாவின் மெஷின் லிக்விட்தான். இனி வாய்.

பிளக்கிலிருந்து கழற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டு, புட்டியைத் திருகி எடுத்து, மெஷினைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் வாய் தெரியும். விளிம்பின் உள்பக்கம் மரையின் வரிகள் ஓடும், அல்லது புட்டியைக் 'டக்'கென்று கவ்விப் பிடிக்கும் இரண்டு மூன்று பற்கள் இருக்கும். ஆழத்தில் ஒரு வளையம். அதுதான் அடுப்பு. அதற்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடிக்கொண்டே போவதால் ஒரு கட்டத்துக்கு மேல் அது தானாகவே சூடாவதை நிறுத்திக்கொள்ளும். புட்டியிலிருந்து மேலே நீண்டிருக்கும் திரி அந்த வளையத்தின் நடுவில், சுற்றிலும் மெல்லிய இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மருந்து திரியின் நுண்துளைகள் வழியாகத் தானாக மேலே ஏறும், நுனியில் சூடுபட்டு ஆவியாகும். மெஷினுக்குள் நடப்பது இவ்வளவுதான்.

அப்படியானால் புட்டி சேர்வதென்பது இரண்டு பொருத்தம். கழுத்து மெஷினின் வாயில் இறுக்கமாக உட்கார வேண்டும். திரி வளையத்தின் உயரத்துக்கு எட்ட வேண்டும். கழுத்து சேராவிட்டால் கையிலேயே தெரிந்துவிடும்: புட்டி ஏறாது, அல்லது தொளதொளவென்று தொங்கும். ஊர்க் கடையில் அம்மா வாங்கியது இந்த இரண்டாவது ரகம். ராத்திரி கழன்று கட்டிலுக்கடியில் விழுந்து, தரையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய் மண்ணெண்ணெயின் உறவுக்காரன்தான், வாடை நீக்கியது. அது சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் மின்சாரப் பிளக் இருப்பதை நினைத்தால் தொளதொளப்பை அலட்சியம் செய்ய முடியாது.

திரி சேராதது உடனே தெரியாது. அதுதான் தொல்லை. குட்டையாக இருந்தால் நுனி வளையத்துக்குக் கீழேயே நின்றுவிடும். விளக்கு எரியும், மெஷின் சுடும், மருந்து மட்டும் குறையாது. 'இந்தக் கம்பெனி மருந்துக்குக் கொசு போகவே மாட்டேங்குது' என்று சொல்லும் பலருடைய வீட்டில் நடப்பது இதுவாக இருக்கலாம். நெட்டையாக இருந்தால் கடைசித் திருகில் நுனி மேல்மூடியில் இடித்து உடையும். திரி பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் சாக்பீஸ் மாதிரி முறியக்கூடியது. கழுத்து சாய்ந்து ஏறினால் திரி வளையத்தின் ஒரு பக்கம் உரசிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மட்டும் கருகிப்போகும்.

ஆக, அம்மாவிடம் இரண்டு புதுப் படங்கள் கேட்க வேண்டியிருந்தது. மெஷினின் வாய் ஒன்று, பழைய புட்டியின் கழுத்தும் திரியும் ஒன்று. அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார்: "ரெண்டாவது படத்துல பக்கத்துல ஒரு பத்து ரூவா காசு வைக்கச் சொல்லுங்க."

பத்து ரூபாய்க் காசுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகளை அரசு அவ்வப்போது அளவு மாற்றி வெளியிட்டிருக்கிறது; அம்மா வைத்த ஐந்து ரூபாயும் என் பையில் இருக்கும் ஐந்து ரூபாயும் ஒரே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பத்து ரூபாய்க் காசு எந்த டிசைனில் வந்தாலும் குறுக்களவு 27 மில்லிமீட்டர்தான்.

முதலில் வந்த புட்டிப் படம் உதவவில்லை. அம்மா நின்றபடி குனிந்து மேலிருந்து எடுத்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் திரி குட்டையாகத் தெரியும். காசும் மேசைமேல் படுத்துக் கிடந்தது. கழுத்து அதைவிடக் கேமராவுக்கு நெருக்கமாக இருந்ததால் கழுத்து பெரிதாகவும் காசு சிறிதாகவும் விழுந்திருந்தது. போனில் சொன்னேன்: கேமராவைப் புட்டியின் கழுத்து மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும், காசும் அதே உயரத்தில், அதே தூரத்தில் நிற்க வேண்டும், இரண்டடி தள்ளியிருந்து ஜூம் செய்து எடுக்க வேண்டும். மிக நெருங்கி எடுத்தால் கேமரா முன்னால் இருப்பதை ஊதிக் காட்டும், பின்னால் இருப்பதைச் சுருக்கிக் காட்டும். தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கோணல் பெரும்பாலும் போய்விடும்.

"காசு எப்படிய்யா நிக்கும்?" என்றாள் அம்மா. பத்து நிமிடம் கழித்து வந்த படத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் புளி உருண்டை வைத்து, காசை அதில் குத்தி நிறுத்தியிருந்தாள். புட்டியின் கழுத்தும் காசும் தோளோடு தோள் நின்றன. பின்னால் ஒரு வெள்ளைத்தாள், ஜன்னல் வெளிச்சம்.

அண்ணாச்சி கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே காலிப் புட்டிகள், திரியோடு. வாடிக்கையாளர்கள் 'இதே மாதிரி வேணும்' என்று கொண்டுவந்து விட்டுப்போனவை. விற்பனைக்கு இருக்கும் புட்டிகள் அட்டைப்பெட்டிக்குள், திரிமேல் மூடியோடு இருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்ட முடியாது. அதற்காக வைத்திருக்கும் மாதிரிகள் இவை.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கல்லாவிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து என் போன் திரைமேல் வைத்தார், படத்தில் இருக்கும் காசின் மேலேயே. இரண்டு விரலால் படத்தை மெதுவாக விரித்தார். படத்துக் காசின் விளிம்பு நிஜக் காசின் விளிம்போடு சரியாக ஒட்டியதும் கையை எடுத்தார். அந்த நொடியில் திரையில் இருந்த புட்டி அசல் அளவில் இருந்தது. ஸ்கேல் வேண்டாம், கணக்கு வேண்டாம். டின்னிலிருந்து ஒவ்வொரு புட்டியாக எடுத்துத் திரைமேல் படுக்கவைத்துப் பார்த்தார்.

முதல் புட்டியின் கழுத்து படத்தைவிட ஒரு நூல் பருமன். தள்ளிவைத்தார். இரண்டாவதின் கழுத்து சரியாக ஒட்டியது. நான் எடுக்கப் போனேன். "பொறுங்க," என்று திரியைக் காட்டினார். கழுத்தின் தோளிலிருந்து திரி நுனி வரை பார்த்தால், படத்தில் இருப்பதைவிட மூன்று மில்லிமீட்டர் போலக் குறைவு. கையால் திருகினால் இது ஏறியிருக்கும், இறுகியிருக்கும், வேலை செய்திருக்காது. மூன்றாவது புட்டியில் கழுத்து, தோள், திரி மூன்றும் ஒட்டின. மரையின் வரிகளும் அதே இடைவெளியில், அதே சாய்வில் இருந்தன. வாயின் படத்தைப் பெரிதாக்கி, அங்கே தெரிவதும் மரைதான், கவ்வும் பல் இல்லை என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டார்.

திரைமேல் புட்டியை வைக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் அங்கேயே தவறிவிடும்.

பிஸ்கட் டின் வைத்திருக்கும் அண்ணாச்சி எல்லாருக்கும் வாய்க்க மாட்டார். ஆன்லைனில் வாங்குபவருக்குத் திரையில் இன்னொரு படம் மட்டும்தான் இருக்கும். அப்போது காசு உதவாது, விகிதம் உதவும். பழைய புட்டியின் படத்தில் கழுத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், 20 என்று வைத்துக்கொள்வோம். கழுத்துக்கு மேல் திரியின் உயரம் 10. பாதிக்குப் பாதி. விற்பனைப் படத்தில் கழுத்து 36 இருந்தால் திரி 18 இருக்க வேண்டும். 14 இருந்தால் அது வேறு ரகம். இதற்குக் கம்பெனி போடும் பளபளப்புப் படத்தை நம்பாதீர்கள்; பல சமயம் அது கம்ப்யூட்டரில் வரைந்தது. வாங்கியவர்கள் சமையல் மேடையில் வைத்து எடுத்துப் போட்ட மங்கல் படம் நூறு மடங்கு மேல். விகிதம் ஒத்துப்போவது உருவம் ஒன்று என்று மட்டும் சொல்லும், அளவும் ஒன்றென்று சொல்லாது. ஆகவே இது வேண்டாததைக் கழிப்பதற்கான சோதனை.

சில பெட்டிகளில் எல்லா மெஷினுக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கும், சிலவற்றில் எங்கள் மெஷினில் மட்டும் பயன்படுத்துக என்று இருக்கும். முதல் வாக்கியம் கழுத்தைப் பற்றியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. புட்டியின் லேபிளில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். நம் கடைகளில் அதிகம் தென்படுவது டிரான்ஸ்ஃப்ளூத்ரின், 0.88 சதவீதம் அல்லது 1.6 சதவீதம்; பிராலெத்ரின் என்று இன்னொன்றும் உண்டு. டிரான்ஸ்ஃப்ளூத்ரின் எளிதில் ஆவியாவது. பிராலெத்ரினைக் கிளப்ப அதைவிடச் சூடு வேண்டும். வளையத்தின் சூடும், திரியின் துளையும், மருந்தின் அளவும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்தவை. கழுத்து ஏறிவிட்டது என்பதற்காக ஒரு மருந்துக்கான மெஷினில் இன்னொன்றைப் போட்டால், தேவைக்கு அதிகமாகவோ குறைவாகவோ அறைக்குள் போகும். கைக்குழந்தையோ, பூனையோ, மீன்தொட்டியோ இருக்கும் அறையில் அதிகமாகப் போவது நல்லதில்லை. இந்த வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு.

எனவே பழைய புட்டியின் லேபிளையும் படமெடுக்கச் சொல்வது வீணில்லை. புட்டி வளைவாக இருப்பதால் ஒரே படத்தில் எல்லா எழுத்தும் வராது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று படம். பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன்படி வீட்டுக் கொசு மருந்தும் பூச்சிமருந்துதான். பதிவு எண்ணும், காலாவதித் தேதியும், சாய்சதுரத்துக்குள் நஞ்சின் தரத்தைக் காட்டும் நிறமும் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாத புட்டி மெஷினுக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் வாங்காமல் வருவதே நல்லது.

அம்மா அனுப்பிய லேபிள் படம் வந்ததும் அண்ணாச்சியின் புருவம் உயர்ந்தது. எழுத்து பாதி உரிந்திருந்தது, அதை அவர் பொருட்படுத்தவில்லை. புட்டிக்குள் கால்வாசி திரவம் இருந்தது. மஞ்சளாக.

"தம்பி, மருந்து மிச்சம் இருக்கே. பிறகு எதுக்குப் புதுசு? கம்பெனி மருந்து இந்தக் கலர்ல இருக்காதே?"

போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். புட்டி தீர்ந்ததும் பக்கத்துவீட்டு அக்கா சொன்னபடி வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு ஊற்றியிருக்கிறாள். நாலு நாள் வாசனை வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. மெஷின் கெட்டுவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

படத்தில் திரியைப் பெரிதாக்கினோம். திரி கறுப்பாக இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பல திரிகள் புதிதிலேயே கறுப்போ சாம்பலோதான். ஆனால் நுனியில் மினுமினுவென்று ஒரு பொருக்கு, வடைச்சட்டியின் விளிம்பில் படிவது மாதிரி. அந்தத் துளைகள் தண்ணீரைப் போல ஓடும் எண்ணெய்க்கானவை. வேப்பெண்ணெய் கெட்டி, மெதுவாக ஏறி, நுனியில் ஆவியாக மாட்டாமல் அங்கேயே கருகி அடைத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய்க்குப் பதில் மண்ணெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது அடைக்காது; ஆனால் எளிதில் பற்றிக்கொள்ளும் ஆவி ராத்திரி முழுக்கச் சூடான வளையத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். அதற்கு அடைப்பே தேவலை.

இப்போது கேள்வி, கெட்டது திரி மட்டும்தானா, மெஷினுமா? சிவப்பு விளக்கு எரிவதை நம்பக் கூடாது. விளக்குக்கு வேறு வழியில் மின்சாரம் போகும். வளையம் செத்த பிறகும் விளக்கு உயிரோடு இருக்கலாம். புட்டி இல்லாமல் மெஷினைப் பிளக்கில் செருகி, ஐந்தாறு நிமிடம் கழித்து, மேல்துளைக்கு இரண்டு விரற்கடை மேலே உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். துளைக்குள் விரலோ குச்சியோ போகக் கூடாது. "நல்லா அனல் அடிக்கு" என்றாள். மெஷின் பிழைத்தது. அடைத்த திரியைச் சுரண்டவோ கழுவவோ முயலாமல் புட்டியைத் திரியோடு தூக்கிப்போட வேண்டியதுதான்.

மூன்றாவது மாதிரிக்குரிய புட்டியையே வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். கையால் திருகும்போது தடையில்லாமல் ஏறி, கடைசியில் இறுகி நின்றது. ஆட்டிப் பார்த்தால் ஆடவில்லை. மேல்துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். திரியின் நுனி வளையத்தின் நடுவில் இருந்தது. அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருப்பது தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில் செருகினால் புட்டி படுத்துக்கொள்ளும், மருந்து திரிவழியே கசியும். இந்த மெஷினின் பிளக் சுழலக்கூடியது என்பதால் எப்படியோ நிமிர்த்திவிட்டேன். சுழலாத மெஷின் என்றால் சுவர்ப் பிளக்குக்குத்தான் போயாக வேண்டும்.

பொருத்தம் சரியா என்று அடுத்த பத்து நாளில்தான் தெரியும். புட்டி 45 மில்லி, 45 இரவு வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அப்படியானால் சாதாரண நிலையில் ஒரு இரவுக்கு ஒரு மில்லி. ஸ்விட்சைக் கூடுதல் நிலைக்குத் தள்ளினால் இன்னும் வேகமாகக் குறையும். புட்டியின் பக்கவாட்டில் மருந்து நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பத்து இரவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும். கோட்டிலேயே நின்றால் திரி எட்டவில்லை. பாதிப் புட்டி காலியானால் சூடு அதிகம் அல்லது எங்கேயோ கசிகிறது.

பதினோராம் நாள் காலையில் படம் வந்தது. வெள்ளைத்தாளின் முன்னால் புட்டி, கழுத்து மட்டத்துக்குத் தாழ்த்திய கேமரா, கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கனத்துக்கும் குறைவாக இறங்கியிருந்த மருந்து. பக்கத்தில், நான் கேட்காமலேயே, கவிழ்த்த டம்ளர்மேல் புளி உருண்டையும் பத்து ரூபாய்க் காசும்.